எட்டு பிட்டுக்குள் மெல்லிய குரல்

வணக்கம். தொலைபேசிக் குரலை விநாடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில் எழுதுவார்கள் என்று படித்தேன். அப்படியென்றால் 256 படிகள்தானே? உரக்கப் பேசுபவருக்கு அது போதலாம். மெல்லப் பேசுபவரின் குரல் எப்படிச் சிதையாமல் தப்புகிறது?
– ஒரு மாணவி

அன்புள்ள மாணவிக்கு,

படிகள் எல்லாம் ஒரே உயரத்தில் இருந்தால் தப்பாது. 3400 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட அதிர்வுகளை வடிகட்டி நீக்கிய பிறகே குரலை அளக்கிறோம் என்பதால் 8000 மாதிரிகள் போதும்; சிக்கல் நீங்கள் சொன்ன இடத்தில்தான், அதாவது அளவைப் படியில் பொருத்தும் குவாண்டமாக்கலில்தான் இருக்கிறது.

குரலின் உச்சத்தை இரு பக்கமும் 4096 அலகு என்று வைத்துக்கொள்வோம். 256 சமப் படிகளாகப் பிரித்தால் ஒரு படி 32 அலகு. மெல்லிய குரல் +20-க்கும் −20-க்கும் இடையே அசைந்தால், நேர்ப்பக்கத்தில் எல்லாமே முதல் படியில் விழுந்து +16 ஆகவும், எதிர்ப்பக்கத்தில் −16 ஆகவும் திரும்பி வரும். வளைந்து நெளிந்த அலை வெறும் சதுர அலையாகிவிடும்.

இதற்காகவே தொலைபேசிக் குரலை எண்ணாக்கும் G.711 தரத்தின் ஏ-விதி, சிறிய அளவுகளுக்கு நுண்ணிய படிகளையும் பெரிய அளவுகளுக்கு அகலமான படிகளையும் தருகிறது. முதல் பிட், அளவு நேர்ப்பக்கமா எதிர்ப்பக்கமா என்ற குறி; அடுத்த மூன்று, அளவு எந்தத் துண்டில் விழுகிறது என்பது; கடைசி நான்கு, அந்தத் துண்டின் 16 படிகளில் எது என்பது. +20 என்ற மாதிரி, படி 2 அலகே உள்ள முதல் துண்டில், பத்தாம் எண் படியில் விழுகிறது (எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும்). குறியீடு 1 000 1010, மறுமுனையில் கிடைப்பது 21. +845 என்ற உரத்த மாதிரியோ 512 முதல் 1023 வரையான துண்டில் விழுகிறது. அங்கே படி 32 அலகு, இதுவும் பத்தாம் எண் படி. குறியீடு 1 101 1010, கிடைப்பது 848. உரத்த ஒலிக்குள் அதற்கேற்ற பிழை மறைந்துகொள்ளும் என்ற செவியின் இயல்பை இவ்வளவு சிக்கனமாகப் பயன்படுத்திய இந்த ஏற்பாட்டின் மேல் எனக்குத் தனி மதிப்பு உண்டு.

கம்பியில் அனுப்புமுன் ஒன்றுவிட்டு ஒன்றாக நான்கு பிட்டுகளைத் தலைகீழாக்குவார்கள்; 1 101 1010 என்பது 10001111 ஆகும். மௌனத்தில் நீண்ட பூஜ்ய வரிசை வந்தால் ஏற்கும் முனை கடிகாரத்தைத் தவறவிடும் என்பதே காரணம். வட அமெரிக்காவிலும் ஜப்பானிலும் வழங்கும் மியூ-விதியோ எல்லாப் பிட்டுகளையும் தலைகீழாக்குகிறது. ஆகவே ஒரு முனை ஏ-விதியில் அனுப்ப, மறுமுனை மியூ-விதியில் படித்தால் பேச்சு ஓரளவு புரிந்தாலும் கடுமையாகக் கரகரக்கும். யாரும் பேசாத இடைவெளியிலும் இரைச்சல் எழும். அந்த இடைவெளியைக் கேட்டால் போதும், பிழை கம்பியில் அல்ல, விதியின் தேர்வில்தான் என்று பெரும்பாலும் கண்டுகொள்ளலாம்.