நவம்பர் கூட்டம் என்றைக்கு?

கேள்வி: எங்கள் வாசகர் வட்டம் மாதந்தோறும் இரண்டாவது ஞாயிறு மாலை ஐந்து மணிக்குக் கூடுகிறது. செயலாளர் என்ற முறையில் கூட்ட முடிவில் அடுத்த தேதியை நான்தான் வாசிக்கிறேன். ஆனாலும் சிலர் ஒரு வாரம் முன்போ பின்போ வந்து பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். 2026 நவம்பரில் இரண்டாவது ஞாயிறு தீபாவளி வேறு. எப்படி அறிவிப்பது?
– ஒரு செயலாளர், மதுரை

பதில்: உங்கள் அறிவிப்பு நன்றியுரைக்குப் பிறகு வருகிறது என்று நினைக்கிறேன். பெரும்பாலான ஊர்களில் அப்படித்தான். நன்றியுரை தொடங்கியதுமே பாதிப் பேர் காலால் செருப்பைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். பின்வரிசையில் நாற்காலியை இழுக்கும் சத்தம் கேட்கும். நாட்டுப்பண் முடிந்தபின் நீங்கள் சொல்வது டீ கிளாஸ் சத்தத்தில் போய்விடும். அதனால் அறிவிப்பை நன்றியுரைக்கு முன்னால் வையுங்கள். தலைவரிடம் முதலிலேயே சொல்லிவைத்தால் அவரே உங்களை அழைப்பார்.

அடுத்தது, தேதியை மேடையில் தேடாதீர்கள். "எல்லாருக்கும் எப்ப வசதி?" என்று பொதுவாகக் கேட்டால் ஆளுக்கொரு தேதி வரும், முடிவு வராது. அக்டோபர் 11 கூட்டத்துக்கு முன்பே காலண்டரைப் பிரித்துவைத்து இரண்டு தேதிகளைத் தயாராக வைத்திருங்கள். நவம்பர் 8 தீபாவளி, கூட்டம் கிடையாது. 1ஆம் தேதி ஞாயிறு ஜவுளிக்கடைக் கூட்டத்துக்குத்தான் சரிப்படும். 15ஆம் தேதி என்று கை தானாகப் போகும். ஆனால் அன்று மாலை சூரசம்ஹாரம். திருப்பரங்குன்றம் பக்கமிருந்து வருகிறவர்கள் உங்கள் கூட்டத்துக்கு வரமாட்டார்கள், பஸ்ஸும் நெரிசலாக இருக்கும். மிஞ்சுவது 22. அதை முதல் தேதியாகவும் 15ஐ இரண்டாவதாகவும் சொல்லிக் கையை உயர்த்தச் சொல்லுங்கள், ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். இரண்டு நாளுக்கும் இடம் காலியா என்று சாவி வைத்திருப்பவரிடம் முந்தின வாரமே கேட்டுவிட வேண்டும். ஞாயிறு முகூர்த்த நாளாக இருந்தால் மண்டபங்கள் கல்யாணத்துக்குப் போய்விடும்.

முடிவானதும் கீழ்க்கண்டதை எழுதிவைத்து அப்படியே வாசியுங்கள்:

"அடுத்த கூட்டம் நவம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி, இதே இடம். மறுபடியும் சொல்கிறேன், நவம்பர் இருபத்திரண்டு, ஞாயிறு. 8ஆம் தேதி தீபாவளி என்பதால் அன்று கூட்டம் இல்லை. இந்த மாற்றம் நவம்பருக்கு மட்டும்தான். டிசம்பர் கூட்டம் வழக்கம்போல இரண்டாவது ஞாயிறு, 13ஆம் தேதி. தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள்."

இதில் 'அடுத்த ஞாயிறு' என்ற சொல்லே இல்லை, கவனித்தீர்களா? அதை வருகிற ஞாயிறு என்று எடுத்துக்கொள்பவரும் உண்டு, அதற்கு மறுவாரம் என்று எடுத்துக்கொள்பவரும் உண்டு. பூட்டிய கதவைப் பார்ப்பவர்களில் பாதிப் பேர் இந்த வகையாக இருக்கலாம். தேதியும் கிழமையும் சேர்ந்தே வரட்டும். நீங்கள் தவறி "21, ஞாயிறு" என்று வாசித்தால் முன்வரிசையில் யாராவது "சார், 21 சனிக்கிழமை" என்று எழுந்துவிடுவார். தேதியை மட்டும் சொன்னால் தப்பைப் பிடிக்க வழியில்லை. டிசம்பரைச் சேர்த்ததற்கும் காரணம் இருக்கிறது. நவம்பர் 22க்கும் டிசம்பர் 13க்கும் இடையில் மூன்றே வாரம். சொல்லாவிட்டால் டிசம்பரிலும் நான்காவது ஞாயிறுதான் என்று சிலர் 27ஆம் தேதி வந்து நிற்பார்கள்.

(ஞாயிறு மாலை 4.30 முதல் 6 வரை ராகு காலம். மாதக் கூட்டத்துக்கு இதுவரை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நூல் வெளியீடு வைக்கும்போது நூலாசிரியரின் வீட்டார் கேட்பார்கள். அந்த ஒரு நாள் மட்டும் நான்கு மணிக்கே தொடங்கிவிடுங்கள்.)

வாசித்ததை அப்போதே மினிட்ஸ் நோட்டில் எழுதி, தலைவரிடம் கையெழுத்து வாங்குங்கள். பிறகு "நீங்கள் 15 என்றுதானே சொன்னீர்கள்" என்று யாராவது வந்தால் நோட்டைக் காட்டினால் போதும். அன்று வராதவர்களுக்குத் தகவல் போய்ச்சேரும் என்று மட்டும் நம்ப வேண்டாம். வருகைப் பதிவில் கையெழுத்து இல்லாத பெயர்களைப் பார்த்து மறுநாளே அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். வாயால் அறிவித்தது வந்திருந்தவர்களுக்கு மட்டுமே.

வட்டம் பதிவு செய்யப்பட்ட சங்கமாக இருந்தால் இன்னொன்று. மாதக் கூட்டத்துக்கு இந்த அறிவிப்பு போதும். ஆண்டுப் பொதுக்குழுவுக்கோ நிர்வாகிகள் தேர்தலுக்கோ போதாது. எத்தனை நாள் முன்னதாக எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று உங்கள் துணை விதிகளில் பார்த்து, அதன்படி தனியாகக் கடிதம் அனுப்புங்கள்.