விலை வித்தியாசமும் லாபமும்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

அருகருகே இருக்கும் இரண்டு சந்தைகளில் ஒரே பொருளின் விலை, மலிவான இடத்தில் வாங்கி விலை கூடிய இடத்தில் விற்கும் வியாபாரிகளின் ஆர்பிட்ரேஜ் காரணமாகத் தானாகச் சமமாகிவிடும் என்று படித்தேன். நான் கவனித்துவரும் இரு சந்தைகளில் மூட்டைக்கு 60 என்ற வித்தியாசம் மாதக்கணக்கில் அப்படியே நிற்கிறது. அப்படியானால் இந்தக் கோட்பாடு பொய்யா? எதையும் விளைவிக்காமல், ஓரிடத்தில் வாங்கி மற்றோரிடத்தில் விற்பவருக்கு எதற்காக லாபம்? ஆர்பிட்ரேஜுக்கு நல்ல தமிழ்ச் சொல் உண்டா?

அன்புடன்,
ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

சொல்லைப் பற்றிய கேள்வியை விட்டுவிடுகிறேன். வியாபாரிகள் ஆர்பிட்ரேஜ் என்றே சொல்கிறார்கள், அது போதும். உங்கள் முதல் கேள்விதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. இளவயதில் ஒரு கமிஷன் மண்டியில் கணக்கெழுதிய காலத்து நோட்டு ஒன்றைச் சென்ற வாரம்தான் எடுத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதில் நான் நஷ்டப்பட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. உங்கள் 60-ஐப் பார்த்ததும் அந்தப் பக்கம்தான் நினைவுக்கு வந்தது.

மாதக்கணக்கில் விலையைக் குறித்து வைத்திருக்கிறீர்கள். அந்தப் பொறுமை என்னை நெகிழச் செய்தது. ஆனால் ஒரு மூட்டையை அங்கிருந்து இங்கே கொண்டுவர என்ன செலவாகும் என்று ஒரு நாளாவது விசாரித்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதை விசாரிக்காமல் ஒரு கோட்பாட்டைப் பொய் என்று சொல்வது அவசரம். விலை சமமாகும் என்று நீங்கள் படித்த வாக்கியமும் பாதி வாக்கியம்தான். கொண்டுசெல்லும் செலவைவிட வித்தியாசம் பெரிதாக இருக்கும்வரைதான் விலைகள் ஒன்றையொன்று நோக்கி நகரும். அதற்குக் கீழே அவற்றை நகர்த்த எந்த விசையும் இல்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முதல் சந்தையில் மூட்டை 1000, இரண்டாவதில் 1100. லாரி வாடகை மூட்டைக்கு 30, ஏற்று இறக்குக் கூலி 10, விற்கும் இடத்தில் கமிஷன் நூற்றுக்கு 2, அதாவது 22. வழியில் ஏற்படும் எடைக் குறைவுக்கும், பணம் கைக்கு வரும்வரை ஆகும் வட்டிக்கும் சேர்த்து 8. மொத்தம் 70. மூட்டைக்கு 30 மிஞ்சுகிறது என்பதால் வண்டி புறப்படும். வாங்குபவர் பெருகுவதால் முதல் சந்தையில் விலை 1000-லிருந்து மேலே போகிறது, சரக்கு வந்து குவிவதால் இரண்டாவதில் 1100-லிருந்து கீழே வருகிறது. முதலில் 1015, மறுபக்கம் 1085 என்று வந்து நிற்கும் நாளில் வித்தியாசம் 70. அடுத்த வண்டியை அனுப்ப யாருக்கும் காரணம் இருக்காது. அதற்குப் பிறகு வித்தியாசம் 60 ஆனாலும் 20 ஆனாலும் எந்த வியாபாரியும் அசையமாட்டார். இரண்டு விலைகளும் அந்த இடைவெளிக்குள் தம் போக்கில் ஏறி இறங்கும். இரண்டாவது சந்தையில் விலை முதல் சந்தையைவிடவும் கீழே போய், அந்த இறக்கம் செலவைத் தாண்டினால் மட்டுமே வண்டி எதிர்த்திசையில் ஓடும். உங்கள் சந்தைகளில் செலவு 60-க்கு மேல் என்றால், அவற்றின் விலை ஏற்கெனவே எவ்வளவு நெருங்க வேண்டுமோ அவ்வளவு நெருங்கிவிட்டது.

இப்போது என் நோட்டுக்கு வருகிறேன். அன்று வித்தியாசம் 120, செலவு 70. மூட்டைக்கு 50 உறுதி என்று நம்பி, கடன் வாங்கி 40 மூட்டை வாங்கினேன். 1000 என்ற விலை முதல் சில மூட்டைகளுக்குத்தான் கிடைத்தது. நான் வாங்க வாங்க விலை ஏறியதால் சராசரி 1012 ஆயிற்று. சரக்கு போய்ச் சேர்வதற்குள் வேறு இருவரின் வண்டிகள் முன்னால் போயிருந்தன. 1120 என்று நான் கேட்டிருந்த விலை அங்கே இல்லை. முதல் மூட்டைகள் ஓரளவு நல்ல விலைக்குப் போயின, பிறகு இறங்கிக்கொண்டே வந்து சராசரி 1060-இல் முடிந்தது. 48 வித்தியாசத்துக்கு 70 செலவு. மூட்டைக்கு 22 வீதம் 880 நஷ்டம். பல மாதங்கள் அந்த நஷ்டத்துக்கு யாரோ காரணம் என்று எண்ணி மனம் புழுங்கினேன். விலையை இறக்கியதில் என் 40 மூட்டைகளுக்கும் பங்கு இருந்தது என்பது வெகுகாலம் கழித்தே புரிந்தது. பாடப்புத்தகம் ஒரே வரியில் ‘சமமாகும்’ என்று சொல்வது நடந்தேறுவது இப்படித்தான். யாரோ ஒருவர் கடைசியாக வண்டி ஏற்றுகிறார், அவருக்கு எதுவும் மிஞ்சுவதில்லை, அதைப் பார்த்து அடுத்தவர் நின்றுவிடுகிறார்.

என் தவறு இரண்டு வகையானது. பலகையில் எழுதப்பட்ட விலை எத்தனை மூட்டைக்குச் செல்லும் என்று நான் கேட்கவில்லை. அதோடு, இன்று வாங்கி நாளை மறுநாள் விற்பதை ஆர்பிட்ரேஜ் என்று நினைத்துக்கொண்டேன். இங்கே வாங்கும் அதே வேளையில் அங்கே விலை பேசி விற்று முடித்திருந்தால்தான் வித்தியாசம் என் கையில் நிற்கும். அப்படிப் பேசி முடிக்காமல் புறப்பட்டால், வழியில் இருக்கும் நேரம் முழுவதும் நாம் விலையின் மேல் பந்தயம் கட்டியிருக்கிறோம்.

வித்தியாசம் செலவைவிட மிகப் பெரிதாக நீண்டகாலம் நின்றால், பெரும்பாலும் செய்தி போய்ச் சேரவில்லை என்று பொருள். 1866 ஜூலை இறுதியில் அட்லாண்டிக் கடலடித் தந்திக் கம்பி நிலையாக இயங்கத் தொடங்கும்வரை, லிவர்பூலின் பருத்தி விலை நியூயார்க்குக்குக் கப்பலில்தான் போயிற்று. அதற்கு ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் வரை ஆகும். நியூயார்க் வியாபாரி பழைய விலையை வைத்துக்கொண்டு எவ்வளவு ஏற்றுவது என்று ஊகித்தார். கம்பி வந்தபின் ஒரு நாளுக்குள் விலை தெரிந்தது. பருத்தி அப்போதும் அதே கப்பல்களில்தான் போயிற்று. ஆனாலும் இரு துறைமுகங்களுக்கும் இடையிலான சராசரி விலை வித்தியாசம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று, அந்நாளைய செய்தித்தாள்களின் விலைக் குறிப்புகளைத் தொகுத்து ஆராய்ந்த பொருளியலாளர் கிளாடியா ஸ்டைன்வெண்டர் காட்டியிருக்கிறார். ‘அருகருகே’ என்று எழுதும்போது தூரத்தை மட்டும் நினைக்காதீர்கள். தொலைவில் இருந்தும் விலை உடனே தெரியும் இரண்டு சந்தைகள், அடுத்தடுத்து இருந்தும் செய்தி போகாத சந்தைகளைவிட நெருக்கமானவை.

விளைவிக்காதவருக்கு ஏன் லாபம் என்ற கேள்வியை இவ்வளவு எளிதாகக் கேட்டுவிட்டீர்களே என்று எனக்குக் கோபம் வந்தது. தட்டுப்பாடு இல்லாத இடத்திலிருந்து தட்டுப்பாடு உள்ள இடத்துக்கு மூட்டை வந்து சேர்ந்ததால்தானே அங்கே வாங்குபவர் 1100-க்குப் பதில் 1085 கொடுக்கிறார், இங்கே விற்றவருக்கு 1000-க்குப் பதில் 1015 கிடைக்கிறது? ஒரே ஒருவர் மட்டும் வழியை மறித்துக்கொண்டு வேறு வண்டிகளை விடாமல் தடுத்தால் நிலைமை வேறு. அப்போது செலவு 70-ஆக இருந்தும் வித்தியாசம் அதுவரை இறங்காமல் மேலேயே நிற்கும். அதை நீங்கள் எதிர்த்தால் நானும் உங்கள் பக்கம்தான்.

இனி விலையோடு வண்டிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். சரக்கே போகாமல் இரு விலைகளும் சேர்ந்து ஏறி இறங்கினால், இரண்டுக்கும் மூன்றாவது ஓர் இடத்திலிருந்து சரக்கு வருகிறதா என்று பாருங்கள். அப்படி வந்தால் இந்த இரண்டுக்கும் நேரடித் தொடர்பு இல்லாமலேயே விலை ஒன்றுபோல் தெரியும், உங்கள் 60 என்பது அந்த மூன்றாம் இடத்திலிருந்து வரும் இரண்டு வழிச் செலவுகளின் வித்தியாசமாக மட்டுமே இருக்கலாம். லாரி வாடகை, கூலி, கமிஷன் ஆகியவற்றை இரு முனைகளிலும் விசாரித்து, ஒரு மூட்டைக்கு அல்லாமல் 50 மூட்டைக்கு என்ன விலை தருவார்கள் என்றும் கேட்டு எனக்கு எழுதுங்கள்.