மூன்று பேருக்கும் மூன்று மெயில்

கேள்வி: நேற்று பேனல் இன்டர்வியூ முடிந்தது. மூன்று பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் சேர்த்து ஒரே நன்றி மெயில் போதுமா, தனித்தனியாக அனுப்ப வேண்டுமா? தனித்தனி என்றால் ஒவ்வொருவருக்கும் என்னதான் எழுதுவது?

தனித்தனியாகத்தான். ஆனால் பெயரை மட்டும் மாற்றி அதே மெயிலை மூன்று தடவை அனுப்பப்போகிறீர்கள் என்றால், மூவருக்கும் சேர்த்து ஒன்றாகவே அனுப்பிவிடுங்கள். அதுவே தேவலை. வரும் மெயிலை ஒருவர் எச்.ஆருக்குத் தள்ளிவிடுவார், எச்.ஆரிடம் அதே வரிகள் ஏற்கெனவே இருக்கும். பாரிமுனையில் ஒரு அலுவலகத்துக்கு நான் இதைச் செய்திருக்கிறேன். போதாக்குறைக்கு, இரண்டாவது மெயிலின் உள்ளே முதலாமவரின் பெயர் மாறாமல் நின்றுவிட்டது. "மூன்றும் கிடைத்தன" என்று மட்டும் எச்.ஆர் பதில் போட்டார். அதன் பிறகு அங்கிருந்து ஒரு அழைப்பும் இல்லை.

அடுத்தது மணலி பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் ஏற்றுமதி டாக்குமென்டேஷன் வேலை. பேனலில் ஆபரேஷன்ஸ் மேனேஜர், டாக்குமென்டேஷன் தலைமையில் இருந்த மேடம், எச்.ஆர் இளைஞர் ஒருவர். முடிந்து வெளியே வந்ததும் எதிர் டீக்கடையில் உட்கார்ந்து, ரெஸ்யூம் பிரிண்ட்டின் பின்பக்கம் அவர்கள் உட்கார்ந்திருந்த வரிசையில் மூன்று கட்டம் போட்டேன். ஒவ்வொன்றிலும் அவர் கேட்டது, நான் சொன்னது, அதற்கு அவர் திருப்பிச் சொன்னது. இதில் மூன்றாவதுதான் முக்கியம். நாம் சொன்னது நமக்கு நினைவிருக்கும். எதிராளி சொன்னது பஸ் ஏறினால் மறந்துவிடும். மெயிலில் எழுத வேண்டியது பெரும்பாலும் அந்த மூன்றாவது வரியில்தான் இருக்கிறது.

ஆபரேஷன்ஸ் சார் கேட்டது இது: இரவு பத்து மணிக்குக் கப்பலின் கட்-ஆஃப், அதாவது கன்டெய்னரை உள்ளே சேர்க்கக் கடைசி நேரம், லாரி திருவொற்றியூர் தாண்டவில்லை, என்ன செய்வாய்? ஷிப்பிங் லைனைக் கூப்பிட்டு நேரம் நீட்டிக்கக் கேட்பேன் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, "முதல்ல டிரைவரைக் கூப்பிடுப்பா. கேட்ல காட்ட வேண்டிய பேப்பர் அவன் கையில இல்லன்னா வண்டியை ஓரம் கட்டச் சொல்லிடுவாங்க, க்யூவுல இருந்த இடமும் போயிடும்" என்றார். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் நிற்கும் லாரி வரிசையைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நான். இது எனக்குத் தோன்றாமல் போய்விட்டதே என்று இருந்தது. அவருக்கு எழுதியதன் சாரம் (அனுப்பியது ஆங்கிலத்தில்தான்):

"நேரம் கொடுத்ததற்கு நன்றி. ஷிப்பிங் லைனுக்கு முன்னால் டிரைவரைக் கூப்பிடச் சொன்னீர்கள். இப்போது நான் இருக்கும் இடத்தில் பேப்பரை வண்டி கிளம்பிய பிறகுதான் டிரைவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம். வண்டி யார்டை விட்டு வெளியேறும் முன்பே அது அவர் கையில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வதை நாளையிலிருந்து ஆரம்பிக்கிறேன்."

அவ்வளவுதான். "உங்கள் அனுபவம் என்னை வியக்க வைத்தது" வகையறா எதுவும் இல்லை. அவர் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லி நிறுத்தினால் பாடம் ஒப்பிப்பது போலாகிவிடும். அதை வைத்து நான் என்ன செய்யப்போகிறேன் என்ற ஒரு வரி சேர்ந்தால்தான் அது அவருக்கென்று எழுதியதாகத் தெரியும்.

மேடத்துக்கு எழுதியதுதான் கஷ்டம், ஏனென்றால் அங்கே நான் பாதித் தப்பாகப் பதில் சொல்லியிருந்தேன். வி.ஜி.எம், அதாவது கன்டெய்னரின் சரிபார்த்த மொத்த எடை பற்றிய கேள்வி. 2016 ஜூலை 1 முதல் சோலாஸ் என்ற சர்வதேசக் கப்பல் பாதுகாப்பு விதிப்படி, சரக்கு ஏற்றிய கன்டெய்னரின் சரிபார்த்த எடையைக் கொடுக்காமல் அதைக் கப்பலில் ஏற்றக் கூடாது. எடை எடுக்க இரண்டு வழி. ஒன்று, முழுக் கன்டெய்னரையும் எடை மேடையில் ஏற்றுவது. இன்னொன்று, உள்ளே போவதை எல்லாம் தனித்தனியாக எடை போட்டுக் கூட்டி, கன்டெய்னர் கதவில் எழுதியிருக்கும் டேர் எடையை, அதாவது காலிக் கன்டெய்னரின் எடையை, சேர்ப்பது. ஃபேக்டரியில் கன்டெய்னர் ஏறும் அளவுக்கு எடை மேடை இல்லை, எப்படிக் கணக்குப் போடுவாய் என்று கேட்டார். "சரக்கு எடை, கூட டேர்" என்றேன். "அவ்வளவுதானா?" என்றார். "ஆமாம் மேடம்" என்று அடித்துச் சொன்னேன்! டீ ஆறும்போதுதான் உறைத்தது: பேலட்டையும், சரக்கு ஆடாமல் இருக்கக் கொடுக்கும் மரக்கட்டை, கயிறு முதலியவற்றையும் விட்டுவிட்டேன்.

இப்படி ஒரு தப்பை நன்றி மெயிலில் திருத்தலாம். ஒன்றே ஒன்றை, இரண்டு வரியில். "இரண்டாவது முறையில் பேலட், முட்டுக் கொடுக்கும் கட்டை இவற்றின் எடையையும் கூட்ட வேண்டும், நீங்கள் 'அவ்வளவுதானா' என்று கேட்டபோதே நான் யோசித்திருக்க வேண்டும்" என்று எழுதினேன். பதற்றம், தூக்கமில்லை என்று காரணம் எதுவும் சொல்லவில்லை. மூன்று நான்கு தப்பு செய்திருந்தால் எல்லாவற்றையும் திருத்தக் கிளம்பாதீர்கள். விடைத்தாளை மறுபடி எழுதித் தருவது போல் இருக்கும். வேலைக்கு மிகவும் நெருக்கமானதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சார் டிரைவரைப் பற்றிப் பேசியபோது மேடம் குறுக்கிட்டு, "உங்க ஆளுங்க பேப்பரை லேட்டா கேட்கிறதுதான் பிரச்சினை" என்று சிரித்தார். சிரிப்புதான், ஆனால் இரண்டு டிபார்ட்மென்ட்டுக்கும் பழைய வழக்கு என்று புரிந்தது. அந்தப் பேச்சை மேடத்தின் மெயிலில் நான் தொடவே இல்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் புகழ்ந்தாலும் ஆபத்து, மறுத்தாலும் ஆபத்து.

எச்.ஆருக்குத் தொழில் பேச்சு வேண்டாம். இரவு ஷிப்ட் இரண்டு மணிக்கு முடிந்தால் எப்படி வீடு போவீர்கள் என்று கேட்டிருந்தார். காலடிப்பேட்டையில் வீடு, பக்கத்தில் மெட்ரோ இருந்தாலும் அந்த நேரத்துக்கு ஓடாது, சொந்த வண்டி இருக்கிறது என்பதை எழுத்தில் உறுதி செய்தேன். நோட்டீஸ் காலம் 30 நாள் என்பதையும் ஒரு வரியில் சேர்த்தேன். அவர் ஃபைலில் குறித்துக்கொள்ள வேண்டியவை இவைதான்.

அனுப்பும் விஷயம். முகவரிகள் பெரும்பாலும் இன்டர்வியூவுக்கு வந்த அழைப்பு மெயிலிலேயே இருக்கும். எனக்கு மேடத்துடையது இல்லை. கம்பெனி முகவரியின் அமைப்பைப் பார்த்து ஊகித்து அனுப்பாதீர்கள், அதே பெயரில் வேறு யாராவது இருப்பார்கள். எச்.ஆரிடம் கேட்டேன், "எனக்கு அனுப்புங்க, நான் தள்ளிவிடுறேன்" என்றார். மேடத்தின் பெயரைத் தலைப்பில் போட்டுத் தனி மெயிலாக எச்.ஆருக்கே அனுப்பினேன். காலை 11 மணிக்கு இன்டர்வியூ, மாலை ஆறுக்குள் மூன்றும் போய்விட்டன. நீங்கள் இன்றைக்குள் அனுப்பிவிடுங்கள். அவர்கள் உட்கார்ந்து முடிவெடுத்த பிறகு போனால் பயனில்லை.

இதெல்லாம் தனியார் வேலைக்கு. டி.என்.பி.எஸ்.சி, யு.பி.எஸ்.சி மாதிரித் தேர்வுகளின் நேர்காணல் என்றால் ஒரு வரிகூட அனுப்பக் கூடாது. தேர்வாளர்களைத் தனியாகத் தொடர்பு கொள்வதை அங்கே சிபாரிசு தேடுவதாகவே எடுத்துக்கொள்வார்கள், தகுதியே போய்விடும்.

சரி, எனக்கு என்ன ஆனது? மேடத்திடமிருந்து மறுநாள் எச்.ஆர் வழியாக ஒரே வரி வந்தது: "கட்டை எடை, சரி." வேலையும் கிடைத்தது, மெயிலால்தானா என்று நான் கேட்கவில்லை. சேர்ந்து ஒரு மாதம் கழித்து ஆபரேஷன்ஸ் சாரின் கம்ப்யூட்டரில் ஏதோ ஒரு புக்கிங்கைத் தேடிக் கொடுக்கப் போனேன். இன்பாக்ஸில் என் மெயில் திறக்கப்படாமல் தடித்த எழுத்தில் அப்படியே கிடந்தது.