பொங்கல் விழா பட்ஜெட்: அரங்கு நிறைந்தும் துண்டு விழுவது ஏன்?

கே.கே. நகரிலிருந்து ஒரு தந்தை: என் மகன் ஜெர்மனியில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் பொருளாளர். பொங்கல் விழாவுக்கு 400 இருக்கை அரங்கு, டிக்கெட் 25 யூரோ, ஸ்பான்சர் பணம் 2,500. செலவு 7,000, அதுபோகச் சாப்பாடு தலைக்கு 8 யூரோ. 2,300 மிஞ்சும் என்கிறான். சரிதானா, ஐயா?

செலவுப் பக்கத்தில் எழுதியிருக்கும் தொகைகளில் எனக்குக் குறை தெரியவில்லை. அரங்க வாடகை 2,400, ஒலி ஒளி 1,100, மதுரைப் பக்கத்திலிருந்து வரும் இரு கலைஞர்களுக்கு 3,000, காப்பீடு, அச்சு, ஜெமா அமைப்புக்குச் செலுத்தும் இசை உரிமைக் கட்டணம் ஆகியவற்றுக்கு 500 என்பது அளவான தொகைதான். பிழை வரவில் இருக்கிறது. நான் அங்கே பொருளாளராக இருந்த காலத்தில் கண்டவரை, நூறு பேர் வந்தால் ஏறத்தாழ ஐம்பது பேர் உறுப்பினர் சலுகையில் 20 யூரோ தருவார்கள். இருபது பேர் முழு விலையான 25 தருவார்கள். இருபது சிறுவர்களுக்கு 10 யூரோ. மீதிப் பத்துப் பேர் கைக்குழந்தைகளும் தொண்டர்களும். கூட்டினால் 1,700, அதாவது தலைக்கு 17 யூரோ. அதில் சாப்பாட்டுக்கு 8 போனால் கையில் நிற்பது 9. ஸ்பான்சர் பணம் போக ஈட்ட வேண்டியது 4,500 என்பதால், 500 பேர் வந்தால்தான் கணக்கு நேராகும். இருப்பதோ 400 இருக்கை. அரங்கு நிறைந்தாலும் 900 யூரோ துண்டு விழும்.

திருநகரிலிருந்து ஒருவர்: முழு டிக்கெட்டை 30 ஆக்கிவிட்டால் தீர்ந்தது அல்லவா?

பாதி தீரும். முழு விலை தருவோர் நிறைந்த அரங்கிலும் 80 பேர்தான் என்பதால், கூடுதலாக வருவது 400 யூரோவுக்கு மேல் போகாது. சாப்பாட்டை டிக்கெட்டிலிருந்து பிரித்து, அடக்க விலைக்குத் தனிக் கூப்பனாக, முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் விற்பதையே நான் பரிந்துரைக்கிறேன். அப்போது தலைக்கு 17 யூரோ முழுமையாக நிற்கும். 265 பேர் வந்தாலே கணக்கு நேராகிவிடும். ஆனால் சாப்பாடு இல்லாத டிக்கெட்டுக்கு உறுப்பினர்கள் 20 யூரோ தருவார்களா என்பதை அந்த ஊர்க் குழுதான் முடிவு செய்ய வேண்டும். பொங்கல் விழாவுக்கு வந்தவரை இலைபோடாமல் அனுப்புவதா என்று கேட்போர் நிச்சயம் இருப்பார்கள்.

மேலூர்ப் பக்கத்துக் கரகாட்டக் கலைஞர்: எங்களைப் போன்றவர்கள் சம்பளத்தை ரூபாயில் பேசுவதா, யூரோவில் பேசுவதா?

ரூபாயில் பேசினால் உங்களுக்கு நிம்மதி, ஏற்ற இறக்கம் சங்கத்தின் பாடு. இந்த விழாவில் கலைஞர் செலவு, விமானச் சீட்டு உட்பட, 2,85,000 ரூபாய். யூரோவுக்கு 100 ரூபாய் கிடைக்கும் நாளில் அது 2,850 யூரோதான். ஆயினும் 95 என்று வைத்து 3,000 எழுதியிருப்பது நல்ல வழக்கம். விமானச் சீட்டை முன்கூட்டியே எடுத்துவிட்டால் சம்பளமான 1,20,000 ரூபாய்க்கு மட்டுமே விகிதத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

நீங்கள் கட்டாயம் கேட்க வேண்டியது வேறொன்று. வெளிநாட்டுக் கலைஞரின் சம்பளத்தில், ஒரு நிகழ்ச்சிக்கு 250 யூரோவைத் தாண்டினால், ஜெர்மனியில் 15 விழுக்காட்டு வரியும் அதன்மேல் ஒருமைப்பாட்டு மேல்வரியும் பிடித்துக் கட்ட வேண்டும். இருவருக்கும் சேர்த்து அது சுமார் 200 யூரோ ஆகும். "பிடித்தம் போகக் கையில் இவ்வளவு" என்று ஒப்பந்தத்தில் எழுதினால் சங்கம் அதற்கு மேலும் கட்ட நேரும். எழுதாவிட்டால் உங்கள் கைக்கு வருவது குறையும். இந்த வரி மேற்சொன்ன பட்ஜெட்டில் எங்கும் இல்லை.

சுங்குடிச் சேலை வியாபாரி: நான் பரிசாக இருபது சேலை அனுப்பினால் அதை ஸ்பான்சர் தொகையில் சேர்ப்பார்களா?

மனமுவந்து தருவதை மறுக்க மாட்டார்கள். ஆனால் சேலையைக் கொண்டு அரங்க வாடகை கட்ட முடியாது. பரிசுப்பொருளுக்கென்று முன்பே ஒதுக்கியிருந்த தொகை மிஞ்சினால் மட்டுமே அது பட்ஜெட்டுக்கு உதவும். பார்சலுக்கு அங்கே சுங்கவரி வந்தால் அதை யார் கட்டுவது என்றும் பேசிக்கொள்ளுங்கள்.

கே.கே. நகர்த் தந்தை மீண்டும்: அரங்க டெபாசிட் 500 யூரோவை எழுதவில்லை. திரும்பி வரும் பணம்தானே என்கிறான்.

செலவில் எழுதாதது சரி. ஆனால் டெபாசிட்டும் வாடகையும் டிக்கெட் விற்பனை தொடங்குமுன்பே போய்விடும் என்பதால், எந்த மாதம் எவ்வளவு பணம் கையில் வேண்டும் என்ற தனித்தாளில் அதற்கு இடம் வேண்டும். முழுதாகத் திரும்புமா என்பது நேரத்தைப் பொறுத்தது. வாடகை நேரத்தில் மேடை கட்டுவதும், விழா முடிந்து துடைத்துச் சாவி கொடுப்பதும் அடங்குமா என்று ஒப்பந்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். நம் விழாக்களில் கடைசிக் குழு நடனம் தாமதமாகி, துப்புரவு நள்ளிரவைத் தாண்டுவது வழக்கம். அந்தக் கூடுதல் மணிக்கான கட்டணத்தை டெபாசிட்டில்தான் பிடிப்பார்கள். ஆகவே இரண்டு மணி நேரக் கூடுதல் வாடகையை இப்போதே செலவில் எழுதிவிடட்டும்.