தினமும் வெளியே செல்லும் மடிக்கணினிக்குத் தனிக் காப்பீடு தேவையா?

"வீட்டுப் பொருட்களுக்குக் காப்பீடு ஏற்கெனவே இருக்கிறது. தினமும் அலுவலகத்துக்கு எடுத்துச் செல்லும் மடிக்கணினிக்குத் தனியாக கேட்ஜெட் பாலிசி எடுக்க வேண்டுமா?"

வணக்கம். வீட்டுப் பொருள் பாலிசி அடிப்படையில் தீ, வெள்ளம், பூட்டை உடைத்துத் திருடுதல் போன்றவற்றுக்கு, அதுவும் பொருள் வீட்டுக்குள் இருக்கும்போது பொருந்துவது. கைதவறி விழுவதும் வெளியிடத்தில் தொலைவதும் பெரும்பாலும் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டியவை. ஆகவே முதலில் உங்கள் பாலிசி அட்டவணையில் அவ்விரண்டும் தனித்தனியே குறிப்பிடப்பட்டுள்ளனவா என்று பாருங்கள்.

இருந்தாலும், ஒவ்வொரு கோரிக்கையிலும் நீங்களே ஏற்க வேண்டிய தொகையைக் கவனியுங்கள். மடிக்கணினியின் விலையை 100 என்று கொண்டால், உடைந்த திரையை மாற்ற 30 ஆகி, நீங்களே ஏற்க வேண்டியது 25 ஆக இருந்தால், உங்களுக்குக் கிடைப்பது 5 மட்டுமே. அந்தக் கோரிக்கையின் காரணமாக, புதுப்பிக்கும்போது வீட்டுப் பாலிசி முழுவதற்குமான பிரீமியம் உயரவும் கூடும். கேட்ஜெட் பாலிசியில் நீங்களே ஏற்க வேண்டிய தொகை பொதுவாகக் குறைவு என்பதால், உங்களைப் போலத் தினமும் சுமந்து செல்வோருக்கு அதையே நான் பரிந்துரைப்பேன்.

ஆனால் கவனிப்பாரின்றி விட்டுச்சென்ற பொருள் திருடுபோனால் அதிலும் பல நிறுவனங்கள் மறுத்துவிடும். காரின் இருக்கையில் விட்டுச்செல்வது இதற்குள் அடங்கும். அலுவலகமே கொடுத்த கணினி என்றால், அதற்கு அலுவலகக் காப்பீடு உள்ளதா என்று முதலில் கேளுங்கள்.