கடைசி ஐந்து நிமிடத்தில் "டெஸ்ட் எழுதுவீர்களா?" என்று கேட்காதீர்கள்

கேள்வி: யாழ்ப்பாணத்தில கொம்பியூட்டர் சயன்ஸ் முடிச்சிட்டு வேலை தேடுறன். கொழும்புக் கம்பனி ஒண்டின்ர ரெண்டாவது நேர்முகம் அடுத்த கிழமை சூமில இருக்கு. முதல் நேர்முகத்தின்ர முடிவில "எங்களிட்ட ஏதும் கேக்க இருக்கா?" எண்டு கேட்டினம், "இல்லை" எண்டிட்டன். அவை வேலை செய்யிற முறையிலயும் குழுவிலயும் எனக்கு அக்கறை இருக்கெண்டு தெரியிற மாதிரி என்ன கேக்கலாம்?

பதில்: ஒரு கேள்வியை வடிவாகத் தயார்செய்துகொண்டு போங்கள். "நீங்கள் கடைசியாகச் செய்த ஒரு சின்ன மாற்றம், எழுதத் தொடங்கியதிலிருந்து பாவனையாளரிடம் போய்ச் சேரும்வரை என்னென்ன கட்டங்களைத் தாண்டியது?" மற்றக் கேள்விகள் இதன் பதிலிலிருந்தே கிளைக்கும்.

"கோட் ரிவ்யூ இருக்கா?", "டெஸ்ட் எழுதுவீர்களா?" என்று கேட்டால் எந்தக் கம்பனியிலும் "ஓம்" என்றுதான் சொல்வார்கள். அதோடு கதை முடிந்துவிடும். கொள்கையைக் கேட்காமல் நடந்த ஒன்றைக் கேட்டால், பதில் சொல்பவர் போன கிழமையை நினைத்துப் பார்க்க வேண்டிவரும். நாள், ஆள், காத்திருப்பு எல்லாம் தானாக வெளியே வரும்.

அவர் இப்படிச் சொல்கிறார் என்று வையுங்கள்: "விலைப்பட்டியலில் ஒரு கணக்குப் பிழை. திங்கட்கிழமை ஒரு மணித்தியாலத்தில் திருத்தி, அன்றைக்கே புல் ரிக்வெஸ்ட் போட்டன். புதன்கிழமை ரிவ்யூ முடிஞ்சு, கியூஏ பார்த்து, அடுத்த கிழமை வியாழன் ரிலீசோட போனது." ஒரு மணித்தியால வேலை பாவனையாளரிடம் போக பத்து நாள். அந்தப் பத்து நாளில் இரண்டு இடைவெளிகள் இருக்கின்றன. நீங்கள் அடுத்துக் கேட்க வேண்டியது அவற்றைப் பற்றித்தான்.

பெரிய இடைவெளி புதனிலிருந்து அடுத்த வியாழன் வரை. "வியாழக்கிழமை என்பது வாடிக்கையாளர் கேட்டதா, இல்லாவிட்டால் சோதிக்க அவ்வளவு நாள் தேவைப்படுகிறதா?" என்று கேளுங்கள். வாடிக்கையாளர் வங்கியாக இருந்து, ஒவ்வொரு ரிலீசுக்கும் அவர்களின் அனுமதி வேண்டுமென்றால் அது நியாயமான காரணம். ஒவ்வொரு முறையும் ஆட்கள் உட்கார்ந்து முழுச் செயலியையும் கையால் சோதிப்பதுதான் காரணம் என்றால் கதை வேறு. மாற்றங்கள் சேர்ந்து சேர்ந்து ஒரே மூட்டையாகப் போகும். முப்பது மாற்றம் ஒன்றாகப் போய் ஏதாவது உடைந்தால் எது உடைத்தது என்று தேடுவதிலேயே அரை நாள் போய்விடும். புதிதாகச் சேரும் ஜூனியருக்குத் தன் வேலையின் விளைவும் பிந்தித்தான் தெரியவரும்.

இதற்குப் பிறகு, "வியாழன்வரை பொறுக்க முடியாத அவசரத் திருத்தம் என்றால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்பது பொருத்தமாக இருக்கும். அதே தானியங்கிச் சோதனைகளைத் தாண்டித்தான் அதுவும் போகும், போனது சரியில்லாவிட்டால் முந்தைய பதிப்புக்குத் திரும்பச் சில நிமிடம் போதும் என்றால் நல்ல குழு. "ஒருவர் சேவருக்குள் போய் நேராகத் திருத்துவார்" என்றால் கவனம். அப்படித் திருத்தியது கிட்டுக்குள் வராமல் விடுபட்டால் அடுத்த ரிலீஸ் அதை அழித்துவிடும், பழைய பிழை திரும்ப முளைக்கும். அந்த "ஒருவர்" லீவில் நின்றால் என்ன நடக்கும் என்பதை நீங்கள் கேட்கத் தேவையில்லை.

சின்ன இடைவெளி திங்களிலிருந்து புதன் வரை. "ரிவ்யூ யார் செய்வார்கள்?" என்ற ஒரு கேள்வி போதும். எல்லாவற்றையும் லீட் ஒருவரே பார்க்கிறார் என்றால் அவரிடம் வரிசை நிற்கும். அவர் கூட்டங்களில் இருக்கும் நாட்களில் எல்லாருடைய வேலையும் நிற்கும். ஒருவருடையதை மற்றவர் பார்க்கிறார்கள், ஜூனியரும் சீனியரின் கோடைப் பார்க்கிறார் என்றால் அங்கே நீங்கள் படிப்பது வேகமாக இருக்கும்.

பதிலில் குறை தெரிந்தால் முகத்தைச் சுழிக்காதீர்கள். ஐந்து பேர் கொண்ட புதிய கம்பனியில் தானியங்கிச் சோதனை குறைவாக இருப்பது சாதாரணம். அதை எப்படிச் சொல்கிறார்கள் என்பதுதான் முக்கியம். "பணம் கட்டும் பகுதிக்கு மட்டும் எழுதியிருக்கிறோம், மற்றது இனித்தான்" என்பது யோசித்த பதில். "எங்கட ஆக்கள் பிழை விடமாட்டினம்" என்பது அப்படியல்ல.

அனேகமாக ஐந்து நிமிடம்தான் மிஞ்சும். மேலே சொன்னதற்கே மூன்று நிமிடம் போய்விடும். மீதியில் குழுவைப் பற்றி ஒன்று கேளுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்தே வேலை செய்ய நினைக்கிறீர்கள் என்றால் இது உங்களுக்கே தேவையான கேள்வி: "இந்தக் குழுவில் எத்தனை பேர் கந்தோருக்கு வெளியே இருந்து வேலை செய்கிறார்கள்? போன மாதம் எடுத்த ஒரு தொழில்நுட்ப முடிவு அவர்களுக்கு எப்படித் தெரியவந்தது?" எழுத்தில் போட்டு, எல்லாரும் கருத்துச் சொல்லி முடிவெடுத்தார்கள் என்றால் தூரம் பெரிதாகத் தெரியாது. மேசையைச் சுற்றி நின்று கதைத்து முடிவெடுத்திருந்தால், எட்டுப் பேர் கொழும்பிலும் நீங்கள் ஒருவர் இங்கேயும் என்ற நிலையில் எல்லாம் உங்களுக்குப் பிந்தித்தான் தெரியவரும்.

வெளிநாட்டு வாடிக்கையாளர் என்றால் கூட்ட நேரத்தையும் இதோடு சேர்த்துக் கேளுங்கள். லண்டனில் பின்னேரம் 4 மணிக் கூட்டம் இங்கே கோடையில் இரவு 8.30, குளிர்காலத்தில் 9.30. கிழமைக்கு ஒருநாள் என்றால் சமாளிக்கலாம், ஒவ்வொரு நாளும் என்றால் யோசிக்க வேண்டும். "எத்தனை மணிவரை வேலை?" என்று கேட்பதைவிட, "வாடிக்கையாளரோடு கதைப்பது எந்த நேரம், எத்தனை நாளைக்கு ஒருக்கா?" என்று கேட்பது நல்லது. சம்பளம், லீவு எல்லாம் எச்ஆரிடம் கேட்க வேண்டியவை. அதேபோல, எச்ஆரிடம் புல் ரிக்வெஸ்ட் பற்றிக் கேட்டுப் பிரயோசனமில்லை. இந்தக் கேள்விகள் கோட் எழுதுபவருக்கும் குழுத் தலைவருக்கும் உரியவை. தலைவர் இப்போது கோட் எழுதுவதில்லை என்றால் "உங்கள் குழுவில் கடைசியாகப் போன ஒரு மாற்றம்" என்று மாற்றிக் கேளுங்கள்.

வழக்கமாகப் பிழைக்கும் இடங்கள் இரண்டு. முதலாவது, பதிலைக் கேட்காமல் பட்டியலில் உள்ள அடுத்த கேள்விக்குத் தாவுவது. சூமில் கண் திரையின் ஓரத்துக்குப் போவது அப்படியே தெரியும். ஒரு கடதாசியில் மூன்று சொல் மட்டும் எழுதி வையுங்கள்: மாற்றம், அவசரம், தூரம். அவர் சொல்லும்போது நாளையும் ஆளையும் குறித்துக்கொண்டால் அடுத்த கேள்வி தானாக வரும். இரண்டாவது, கேள்வியைத் திருப்பி உங்களிடமே கேட்பார்கள் என்பதை மறப்பது. "உங்கட இறுதியாண்டுப் புரொஜெக்டில இதை எப்படிச் செய்தனீங்கள்?" என்று கேட்டால், நாலு பேரும் நேராக மெயின் பிராஞ்சுக்கே புஷ் பண்ணினோம் என்பதுதான் உண்மையென்றால் அதையே சொல்லுங்கள். அதனால் எந்த நாளில் எது உடைந்தது, பிறகு எதை மாற்றினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நேர்முகம் ஆங்கிலத்தில் என்றால் அந்த நீளமான முதல் கேள்வியை இரண்டு வசனமாக உடையுங்கள். கடைசியாகச் செய்த ஒரு சின்ன மாற்றத்தை நினைத்துக்கொள்ளச் சொல்வது ஒன்று, அது எப்படிப் பாவனையாளரிடம் போனது என்று கேட்பது மற்றது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மூச்சு விடுங்கள், அவர் யோசிக்கட்டும்.