காரணிப் பகுப்பாய்வுக்கு 200 பேர் போதுமா?

"20 கேள்விகள் உள்ள அளவுகோல் ஒன்றை உருவாக்குகிறேன். ஒரு கேள்விக்கு 10 பேர் வீதம் 200 பேர் போதும் என்கிறார் என் கைடு. இது சரியா?"

கேள்விகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்து இதைச் சொல்ல முடியாது. ஒவ்வொரு கேள்வியும் தான் அளக்க வரும் மறைமுகப் பண்பான காரணியோடு எவ்வளவு வலுவாகச் சேர்கிறது (லோடிங்), ஒரு காரணிக்கு எத்தனை கேள்விகள் இருக்கின்றன என்ற இரண்டும்தான் பெரும்பாலும் முடிவு செய்கின்றன.

உங்கள் 20 கேள்விகளும் ஒன்றோடொன்று தொடர்பில்லாத 5 காரணிகளாக, காரணிக்கு 4 வீதம் பிரிவதாக வைத்துக்கொள்வோம். எல்லா லோடிங்கும் 0.8 என்றால், ஒரே காரணியைச் சேர்ந்த இரு கேள்விகளின் உண்மையான ஒட்டுறவு 0.8 × 0.8 = 0.64. 200 பேர் கொண்ட மாதிரியில் அது பெரும்பாலும் 0.56 முதல் 0.72 வரை வரும். வெவ்வேறு காரணிகளைச் சேர்ந்த கேள்விகளுக்கு உண்மை ஒட்டுறவு 0, மாதிரியில் −0.14 முதல் 0.14 வரை அலையும். இரண்டும் தெளிவாக விலகி நிற்பதால் இங்கே 200 பேர் தாராளம். 100 பேரே போதலாம்.

லோடிங் 0.5 ஆனால் கதை மாறுகிறது. உண்மை ஒட்டுறவு 0.25தான், அதே 200 பேரில் அது 0.12 வரை இறங்கும். தொடர்பே இல்லாத ஜோடிகள் 160 இருக்கின்றன. அவற்றில் சுமார் 8, வெறும் தற்செயலாலேயே −0.14, 0.14 என்ற எல்லைகளைத் தாண்டும். எது உண்மை, எது இரைச்சல் என்று மென்பொருளால் பிரிக்க முடியாமல், கேள்விகள் தவறான காரணியில் போய் ஒட்டும். 400 பேர் இருந்தால் இந்த எல்லைகள் 0.16, 0.10 என்று விலகிவிடும். கேள்விக்கு 10 பேர் என்ற விதியோ இரண்டு அளவுகோல்களுக்கும் ஒரே 200ஐத்தான் சொல்கிறது.

இன்னொரு பிழை இதைவிட மோசமானது. ஆள் கிடைக்கவில்லை என்று காரணிக்கு 2 கேள்வி வீதம் 10 கேள்விகளாகக் குறைத்தால், விதிப்படி 100 பேர் போதும். உண்மையில் காரணியைத் தாங்கும் கேள்விகள் குறைந்ததால் அதிகம் பேர் தேவைப்படும். உளவியல் ஆய்வாளர் மக்கலம் குழுவினர் 1999இல் காட்டியது இதைத்தான்: லோடிங் வலுவாக, காரணிக்குப் போதிய கேள்விகள் இருந்தால் 100க்கும் குறைவான மாதிரியே காரணிகளை மீட்டுத் தரும், இரண்டும் பலவீனமானால் 500ம் போதாமல் போகலாம்.

எனவே முன்னோட்ட ஆய்விலிருந்தோ இதே துறையின் பழைய அளவுகோல்களிலிருந்தோ லோடிங்கைச் சற்றுக் குறைத்தே மதிப்பிடுங்கள். அந்த அமைப்பில் 200, 300, 400 பேருக்கு R மென்பொருளில் செயற்கைத் தரவை ஒவ்வொன்றுக்கும் 500 முறை உருவாக்கி, காரணிகள் எத்தனை முறை சரியாகத் திரும்புகின்றன என்று எண்ணுங்கள். உங்கள் இலக்கு அங்கே கிடைக்கும். தரவு வந்தபின், ஒரு கேள்வியின் மாறுபாட்டில் காரணிகள் விளக்கும் பங்கான கம்யூனாலிட்டி 1ஐத் தாண்டினாலோ, மாதிரியை இரண்டாகப் பிரித்தால் கேள்விகள் காரணி மாறினாலோ மாதிரி போதவில்லை என்பதற்கு அது வலுவான அறிகுறி. கிடைத்த காரணி அமைப்பைச் சோதித்துப் பார்க்கும் உறுதிப்படுத்தும் காரணிப் பகுப்பாய்வுக்கு வேறு ஆட்கள் வேண்டும். அந்த எண்ணிக்கையையும் இப்போதே திட்டத்தில் சேருங்கள்.